பிறை தெரியும் முன் எழுத வேண்டிய கேப்ஷன்: மெஹந்தி முன்பதிவுக்கு ஒரு அட்டவணை

ரம்ஜான் மாதம் பாதி முடிந்ததும் மெஹந்தி போடுபவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் முன்பதிவு அறிவிப்புகள் வரத் தொடங்கும். நான்கைந்து டிசைன்களின் படம், அதற்குக் கீழே சில வரிகள். படத்துக்குக் கீழே வரும் இந்த வரிகளைத்தான் கேப்ஷன் என்கிறோம். எந்த நாளில் எவ்வளவு இடம் காலி, என்னென்ன வகை டிசைன், முன்பணம் எவ்வளவு ஆகிய மூன்றும் அதில் இருக்கும். பார்ப்பதற்குப் பத்து வரிதான். ஆனால் பெருநாளுக்கு முந்தைய நான்கு நாட்களின் வருமானமும் சண்டைகளும் இந்தப் பத்து வரிகளைப் பொறுத்தே அமைகின்றன.

நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். திருவல்லிக்கேணியில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஒரு அக்காவும் அவர் தங்கையும் மெஹந்தி போடுகிறார்கள். 2025 ரம்ஜானுக்கு முன் அவர்கள் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதில் நாங்கள் தயாரித்த அட்டவணையையும், அதிலிருந்து கேப்ஷன் எடுக்கும் முறையையும் இந்தக் கட்டுரையில் படிப்படியாகத் தருகிறேன். இதற்குத் தேவை இன்டர்நெட் இணைப்பும் ஒரு கூகுள் கணக்கும் மட்டுமே.

தேதி என்ற சிக்கல்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். பெருநாள் என்றைக்கு என்பது முதல் நாள் மாலை வரை தெரியாது. ரம்ஜான் மாதம் 29 நாளாகவும் இருக்கலாம், 30 நாளாகவும் இருக்கலாம். 29-ஆம் நோன்பு அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. தமிழ்நாட்டில் அரசின் தலைமை காஜி இதை அறிவிக்கிறார்.

2024-இல் இங்கு 29-ஆம் நோன்பு ஏப்ரல் 9 அன்று வந்தது. அன்று பிறை தெரியவில்லை. பெருநாள் ஏப்ரல் 11 ஆனது. (கேரளத்தில் ஏப்ரல் 10 அன்றே கொண்டாடினார்கள்.) மாடி அக்கா அந்த ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் "9-ஆம் தேதி இரவு" என்று தேதி போட்டே முன்பதிவு எழுதியிருந்தார். பிறை இரவில் மெஹந்தி வைத்துக்கொள்வதுதான் பலருக்குப் பெருநாளின் தொடக்கம். அன்று பிறை இல்லை என்றதும் பாதிப் பேர் மறுநாள் இரவுக்கு மாற்றித் தரும்படி கேட்டார்கள். சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவருடைய கேப்ஷனில் "முன்பணம் திரும்பத் தரப்படாது" என்ற ஒரு வரிதான் இருந்தது. அந்த வரி வாடிக்கையாளர் மனம் மாறுவதைப் பற்றிப் பேசியது. பிறை மாறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாட்கள் போனிலேயே கழிந்தன.

ஆகவே 2025-இல் இடங்களை இரண்டு வகையாகப் பிரித்தோம். தேதியோடு கட்டப்பட்ட இடங்கள் ஒரு வகை; அவை எது நடந்தாலும் நகராது. பிறையோடு கட்டப்பட்ட இடங்கள் மற்றொரு வகை; அவற்றுக்குத் தேதியே கிடையாது. "பிறை இரவு" என்பதுதான் அவற்றின் பெயர். அது 30-ஆம் தேதி ஞாயிறாகவும் இருக்கலாம், 31-ஆம் தேதி திங்களாகவும் இருக்கலாம். நிரல் எழுதும் எங்கள் தொழிலில், பின்னால் மாறக்கூடிய ஒரு மதிப்பைப் பல இடங்களில் நேரடியாக எழுதாமல் அதற்கு ஒரு பெயர் கொடுத்து வைப்போம். இங்கும் அதே வேலைதான்.

ஒரு நாளில் எத்தனை இடம்?

இடம் என்பதை அரை மணி நேரம் என்று வைத்துக் கொண்டோம். அக்கா போடும் வகைகளை அரை மணிக் கணக்கில் அளந்தால் இப்படி வந்தது. கொடி போல ஓடும் அரபிக் டிசைன், இரு கைகளிலும் ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒரு இடம். உள்ளங்கை நடுவில் வட்டமாக வரும் மண்டலா, இரு கைகளுக்கும் ஒரு இடம். அரபிக் இரு பக்கமும் என்றால் இரண்டு இடம். இடைவெளி இல்லாமல் முழங்கை வரை நிரப்பும் இந்திய டிசைன் நான்கு இடம், அதாவது இரண்டு மணி நேரம். மணப்பெண்ணுக்கான டிசைனைப் பெருநாள் வாரத்தில் எடுப்பதே இல்லை. நாளில் பாதியை அது விழுங்கிவிடும்.

பகலில் 10.30 முதல் 1 மணி வரையும், 2 மணி முதல் 4.30 வரையும் வேலை. அதன்பின் நோன்பு திறக்கும் ஏற்பாடு. மார்ச் இறுதியில் சென்னையில் சூரியன் மறைவது சுமார் 6.20-க்கு. பிறகு தராவீஹ் தொழுகை. எனவே அடுத்த வேலை இரவு 9.30 முதல் 12 வரை. பகலில் ஐந்து மணி நேரம், அதாவது பத்து இடம். இரவில் இரண்டரை மணி நேரம், ஐந்து இடம். இவற்றை அப்படியே விற்றுவிடக் கூடாது. ஒருவர் தாமதமாக வந்தால் அடுத்தவர்கள் எல்லாரும் தாமதமாவார்கள். கோன் பிடிக்கும் விரல்களுக்கும் ஓய்வு வேண்டும். எனவே பகலில் இரண்டு, இரவில் ஒன்று என வெற்றிடம் விட்டோம். ஒருவருக்கு பகல் 8, இரவு 4, ஆக 12. இருவருக்கு 24.

மார்ச் 28 வெள்ளிக்கு 24, 29 சனிக்கு 24. 30 ஞாயிறு பகலுக்கு மட்டும் 16. அன்று இரவை விற்கவில்லை, ஏனெனில் அது பிறை இரவாக இருக்கலாம். பிறை இரவுக்குத் தராவீஹ் கிடையாது என்பதால் 7.30-க்கே தொடங்கி 12.30 வரை போகலாம். ஐந்து மணி நேரத்தில் ஒருவருக்கு 8, இருவருக்கு 16. மொத்தம் 80 இடம்.

இதில் நோன்பாளிகள் நன்கு அறிந்த ஒரு நுணுக்கம் உண்டு. இயற்கை மருதாணிப் பசை கையில் ஐந்தாறு மணி நேரமாவது இருக்க வேண்டும். காய்ந்த பசை கையில் இருந்தால் ஒளு செய்யும்போது தண்ணீர் தோலில் படாது. ஆகவே பகலில் வைத்தால் தொழுகைக்காகச் சீக்கிரம் உதிர்க்க வேண்டியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் வைத்தால் சஹருக்கு எழும் வரை விட்டுவிடலாம். அதனால் 28, 29 இரவு இடங்கள்தான் முதலில் தீர்ந்தன. தொழுகையிலிருந்து விலக்கு உள்ள நாட்களில் இருக்கும் பெண்களும், சிறுமிகளும் பகல் இடங்களை எடுத்துக் கொண்டார்கள்.

அட்டவணை அமைக்கலாம்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். பிரவுசரைத் திறந்து முகவரிப் பட்டையில் `sheets.google.com` என டைப் செய்து என்டர் தட்டுங்கள். உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்த பின் புதிய வெற்று ஒர்க்ஷீட் ஒன்றைத் திறக்கவும். எக்ஸெல் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். முன்பதிவு போன்கள் இருவருக்கும் வருகின்றன. அக்கா மாடியில் ஒருவருக்குத் தரும் அதே இடத்தைத் தங்கை கடைவீதியில் நின்றபடி இன்னொருவருக்குத் தந்துவிடக் கூடாது. இந்த ஷீட் இருவர் கையிலும் ஒரே நேரத்தில் மாறும். வலது மேல் மூலையில் உள்ள `Share` பட்டனை அழுத்தி, தங்கையின் ஈமெயில் முகவரியை மட்டும் சேர்த்திடுங்கள். அதற்குக் கீழே பொது அனுமதி `Restricted` என்றே இருக்கட்டும். வாடிக்கையாளர் பெயர்கள் உள்ள பட்டியல் ஊர் பார்ப்பதற்கு அல்ல.

தமிழில் டைப் செய்ய விண்டோஸ் 11-இல் `Settings` சென்று, `Time & language`, அதில் `Language & region` தேர்ந்தெடுத்து, தமிழைச் சேர்த்துக் கொள்ளலாம். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும்.

முதல் வரிசையில் தலைப்புகள்: A-இல் நாள், B-இல் நேரம், C-இல் போடுபவர், D-இல் பெயர், E-இல் வகை, F-இல் நிலை, G-இல் முன்பணம். இரண்டாம் வரிசையிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரிசை. 80 இடம் என்றால் 81-ஆம் வரிசையில் முடியும். முழங்கை வரை டிசைன் வந்தால் ஒரே பெயரை நான்கு வரிசைகளில் எழுத வேண்டும்.

நாள் கட்டத்தில் "28 வெள்ளி", "29 சனி", "30 ஞாயிறு பகல்", "பிறை இரவு" என்ற நான்கு சொற்கள் மட்டுமே வரும். 28/3 என்று டைப் செய்ய வேண்டாம். ஷீட் அதைத் தேதியாக மாற்றிக்கொண்டு, நீங்கள் எழுதாத ஆண்டையும் தானே சேர்த்துக்கொள்ளும்.

நிலை கட்டத்தில் மூன்று சொற்கள்: காலி, காத்திருப்பு, உறுதி. இவற்றைக் கையால் டைப் செய்யாதீர்கள். "காலி" என்ற சொல்லுக்குப் பின் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். கண்ணுக்குத் தெரியாது, கணக்கு மட்டும் தவறும். அதற்குப் பதில் F2 முதல் F81 வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, `Insert` மெனுவில் `Dropdown` கிளிக் செய்து, கிடைக்கும் கட்டங்களில் இந்த மூன்று சொற்களையும் கொடுத்து `Done` அழுத்துங்கள். இனி ஒவ்வொரு கட்டத்திலும் சிறிய அம்புக்குறி தெரியும். அதில் கிளிக் செய்து தேர்ந்தெடுத்தால் போதும். தொடக்கத்தில் எல்லா வரிசைகளுக்கும் "காலி" கொடுத்துவிடுங்கள்.

அடுத்து கணக்கு. I2 முதல் I5 வரை நான்கு நாள் பெயர்களையும், A நெட்டு வரிசையில் எழுதியபடியே, ஒன்றன் கீழ் ஒன்றாக அமைக்கவும். டைப் செய்வதைவிட அங்கிருந்து காப்பி செய்து ஒட்டுவது பாதுகாப்பு. J2-இல் கீழே உள்ள பார்முலாவை அமைத்திடுங்கள்.

```
=COUNTIFS($A$2:$A$81,I2,$F$2:$F$81,"காலி")
```

நாள் I2-இல் உள்ளதாகவும், நிலை "காலி" என்றும் உள்ள வரிசைகள் எத்தனை என்று இது எண்ணிச் சொல்லும். டாலர் குறிகள் எதற்கு? பார்முலாவைக் கீழே இழுக்கும்போது அட்டவணையின் எல்லை நகராமல் இருப்பதற்கு. J2-இன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியைப் பிடித்து J5 வரை இழுத்துவிடுங்கள். இப்போது 24, 24, 16, 16 என்று வர வேண்டும். ஒன்றில் 23 வந்தால் A நெட்டு வரிசையில் எங்கோ நாள் பெயர் பிசகியிருக்கிறது, அல்லது ஒரு கட்டத்தில் நிலை கொடுக்கவில்லை. முதல் முன்பதிவை எழுதும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள். பின்னால் கண்டுபிடிப்பது கடினம்.

K2-இல் கேப்ஷனுக்கான வரியை அமைக்கலாம்.

```
=IF(J2=0,I2&": நிறைந்தது",I2&": "&J2&" இடம்")
```

இதையும் K5 வரை இழுங்கள். இனி F-இல் நிலை மாறும் போதெல்லாம் இந்த நான்கு வரிகளும் தாமாக மாறும். "காத்திருப்பு" இடங்கள் இந்தக் கணக்கில் சேராது. யாரோ ஒருவர் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கும் இடத்தைக் காலி என்று ஊருக்குச் சொல்லக் கூடாதல்லவா?

K2 முதல் K5 வரை தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + C அழுத்தி, நோட்பேடில் கண்ட்ரோல் + V அழுத்தினால் நான்கு வரிகளும் விழும். மற்ற வரிகளை நோட்பேடிலேயே எழுதி ஒரு பைலாகச் சேமித்து வையுங்கள்.

கேப்ஷனில் எதை முதலில் வைப்பது?

இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷன் 2,200 எழுத்துக்குறிகள் வரை இருக்கலாம். ஆனால் பார்ப்பவர் கண்ணில் உடனே படுவது முதல் ஒன்றிரண்டு வரிகள்தான். மீதியைப் பார்க்க அவர் `more` என்பதைத் தொட வேண்டும். ஆகவே வாழ்த்தையும் நட்சத்திரங்களையும் இறுதிக்கு அனுப்பிவிட்டு, முதல் வரியில் நிலவரத்தை வைத்தோம். அக்காவுக்கு இதில் மனமில்லை. "சலாம் சொல்லாமல் எப்படித் தம்பி ஆரம்பிக்கிறது?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான் என்று சலாமைப் படத்தின் மேலே எழுதிவிட்டோம்.

படத்தில் எதை எழுதலாம் என்பதற்கும் ஒரு விதி உண்டு. மாறாதவை படத்தில், மாறுபவை கேப்ஷனில். டிசைன்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, ஒவ்வொன்றின் அருகே வகையையும் கட்டணத்தையும் படத்திலேயே எழுதலாம். வாடிக்கையாளர் "3-ஆம் நம்பர்" என்று கேட்டால் குழப்பமில்லை. காலி இடங்களைப் படத்தில் எழுதினால் ஒவ்வொரு முறையும் படத்தையே மாற்ற வேண்டிவரும்.

2025 மார்ச் 23 ஞாயிறு இரவில் வெளியான கேப்ஷன் இது:

மார்ச் 23 இரவு 9 மணி நிலவரம்
28 வெள்ளி: 11 இடம்
29 சனி: 4 இடம்
30 ஞாயிறு பகல்: 9 இடம்
பிறை இரவு: நிறைந்தது
(1 இடம் = அரை மணி. அரபிக் ஒரு பக்கம், மண்டலா 1 இடம்; அரபிக் இரு பக்கம் 2; முழங்கை வரை 4. முழங்கை வரை 28-இல் மட்டும்.)
இயற்கை மருதாணி கோன் மட்டும். நன்றாகச் சிவக்க 28, 29 சிறந்தது.
முன்பணம் 1 இடத்துக்கு ரூ.100. பணம் எங்கள் கணக்கில் வந்த பிறகே இடம் உறுதி. அதுவரை 2 மணி நேரம் காத்திருப்பு.
முதல் நாள் இரவு 8-க்குள் ரத்து செய்தால் முழுத் தொகை திரும்ப. அதன்பின் இல்லை. நாங்கள் ரத்து செய்தால் முழுத் தொகை திரும்ப.
பிறை இரவு 30 அல்லது 31. பிறை மாறினால் உங்கள் இடமும் அதே நேரத்துக்கு மாறும். வர முடியாவிட்டால் முழுத் தொகை திரும்ப.

முதல் வரியில் தேதியும் மணியும் ஏன்? இன்ஸ்டாகிராமில் கேப்ஷனைப் பின்னர் திருத்தலாம். பதிவின் மூன்று புள்ளிகளைத் தொட்டு `Edit` தேர்ந்தெடுத்தால் போதும். வாட்ஸ்அப் மெசேஜைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். அதற்குள் அது நான்கு குழுக்களுக்குச் சென்றிருக்கும். மூன்று நாள் கழித்து ஒருவர் "29-இல் நான்கு இடம் என்று போட்டிருக்கிறதே" என்று வருவார். மணி எழுதியிருந்தால் அவரே புரிந்துகொள்வார். தினமும் இரவு 9 மணிக்கு ஒரு முறை மட்டும் புதிய நிலவரம் போடுவது என்று வைத்துக் கொண்டோம். ஒவ்வொரு முன்பதிவுக்கும் திருத்திக்கொண்டிருந்தால் கோன் பிடிக்க நேரம் இருக்காது.

"முழங்கை வரை 28-இல் மட்டும்" என்ற வரி பார்முலாவிலிருந்து வந்ததல்ல, கையால் எழுதியது. 29 சனிக்கு 4 இடம் காலி என்று ஷீட் சொல்கிறது. முழங்கை வரை டிசைனுக்கும் 4 இடம்தான். ஆனால் ஷீட்டைத் திறந்து பார்த்தால் அந்த நான்கும் காலை 11-க்கு ஒன்று, பகல் 3-க்கு ஒன்று, 4-க்கு ஒன்று, அதுவும் சில அக்காவிடம், சில தங்கையிடம் என்று சிதறிக் கிடந்தன. COUNTIFS எண்ணத்தான் செய்யும், அவை அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பார்க்காது. அதைக் கண்டுபிடிக்கும் பார்முலாவும் எழுதலாம்தான். ஆனால் 80 வரிசைக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை கண்ணால் பார்ப்பதே எளிது என்பது என் கருத்து.

"நன்றாகச் சிவக்க 28, 29" என்பது வெறும் விற்பனைப் பேச்சு அல்ல. இயற்கை மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள் தோலில் பட்டதும் முதலில் ஆரஞ்சு நிறமாகத்தான் தெரியும். ஒன்று முதல் இரண்டு நாட்களில்தான் அது கருஞ்சிவப்பாக மாறும். பிறை இரவில் வைத்தால் பெருநாள் காலையில் கை ஆரஞ்சாகவே இருக்கும். அன்றிரவே கருகருவென்று பிடிக்கும் "பிளாக் மெஹந்தி" கோன்களில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். அது சிலருக்குத் தோலில் கொப்புளம் போடும், தழும்பும் நிற்கும். கேப்ஷனில் இந்த ஒரு வரியால் பிறை இரவுக்குக் காத்திருந்த சிலர் 28, 29-க்கு மாறினார்கள். நெரிசலும் குறைந்தது.

முன்பணம்: எதற்காக, எப்போது?

முன்பணம் எவ்வளவு என்பதைக் கட்டணத்தை வைத்து முடிவு செய்யவில்லை, நேரத்தை வைத்து முடிவு செய்தோம். ஒருவர் வராமல் போனால் இழப்பது அரை மணி நேரம். ஆகவே அரை மணிக்கு ரூ.100. அரபிக் ஒரு பக்கத்துக்குக் கட்டணம் ரூ.300, அதில் முன்பணம் 100. முழங்கை வரை ரூ.1,500, முன்பணம் 400. வராமல் போனவரிடமிருந்து லாபம் பார்ப்பது நோக்கமல்ல என்பது இதில் தெரியும். வாடிக்கையாளரும் பேசாமல் ஏற்றுக்கொள்வார். இரவு 8 மணி என்ற எல்லையும் அப்படித்தான் வந்தது. 9 மணி நிலவரத்தில் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க முடியும் என்றால் பணத்தைப் பிடித்து வைக்கக் காரணமில்லை.

யுபிஐ முகவரியையோ க்யூஆர் கோடையோ கேப்ஷனில் போட வேண்டாம். இடம் கேட்பவருக்குத் தனி மெசேஜில் மட்டும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் இடம் கேட்காமலே யாரோ 100 ரூபாய் அனுப்பிவிட்டுப் பிறகு வந்து நிற்பார். அவர் பெயரைத் தேடி அலைய வேண்டும்.

பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து "உறுதி" என்று மாற்றக் கூடாது. அதைப் போலியாகத் தயாரிப்பது மிக எளிது. பணம் செலுத்தல் பாதியில் நின்றிருந்தாலும் சிலர் நல்லெண்ணத்துடனேயே அனுப்பிவிடுவார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை வந்ததைப் பார்த்த பிறகே G-இல் தொகையை எழுதி, F-ஐ மாற்றுங்கள். அதுவரை "காத்திருப்பு". D-இல் பெயருக்குப் பக்கத்தில் "4.30 வரை" என்று முடிவு நேரத்தைக் குறித்துவிடுங்கள். நேரம் தாண்டியும் பணம் வராவிட்டால் பெயரை அழித்து மீண்டும் "காலி". இன்னொன்று: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

29-ஆம் நோன்பு மாலை

மார்ச் 30 ஞாயிறு பகல் வேலை முடியும் முன்பே நோட்பேடில் இரண்டு கேப்ஷன்களைத் தயாராக எழுதி, இரண்டு பைல்களாகச் சேமித்து வைத்தோம். அறிவிப்பு வரும் நேரத்தில் போன் அடித்துக்கொண்டே இருக்கும், அப்போது டைப் செய்ய முடியாது. பிறை தெரிந்தால் போட வேண்டியது:

பிறை தெரிந்தது. இன்று 30 ஞாயிறு பிறை இரவு. பதிவு செய்தவர்கள் தங்கள் நேரத்துக்கு வரவும். புதிய இடம் இல்லை. ஈத் முபாரக்.

பிறை தெரியாவிட்டால் போட வேண்டியது இதைவிடச் சற்று நீளம்:

பிறை தெரியவில்லை. பிறை இரவு நாளை 31 திங்கள். பதிவு செய்தவர்களின் இடம் நாளை அதே நேரத்துக்கு மாறியுள்ளது. வர முடியாதவர்கள் நாளை பகல் 12-க்குள் சொல்லவும், பணம் திரும்ப அனுப்பப்படும். இன்று இரவு 9.30 முதல் 8 இடம், நாளை பகல் 16 இடம் புதிதாகத் திறக்கின்றன.

இரண்டாவது நிலையில் ஷீட்டில் செய்ய வேண்டியது என்ன? பிறை இரவு வரிசைகளில் ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். 81-ஆம் வரிசைக்குக் கீழே "30 ஞாயிறு இரவு" என 8, "31 திங்கள் பகல்" என 16 வரிசைகளைச் சேர்த்து, I6, I7-இல் அந்தப் பெயர்களை எழுதி, பார்முலாக்களில் 81 என்பதை 105 என்று மாற்றி, மறுபடியும் இழுத்துவிட வேண்டும்.

அன்று மாலை பிறை தெரிந்தது. மார்ச் 31 திங்கள் பெருநாள். முதல் பைல்தான் பயன்பட்டது. இரண்டாவது பைலைத் தேதிகளை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி அக்கா அப்படியே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்.